வாடகைக் கேமரா: டெபாசிட், சேதம், எடுக்கும் நேரம், திருப்பும் நேரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணே, உங்க ஸ்டேட்டஸ்ல ஒரு நாள் வாடகை 3,700, டெபாசிட் 15,000-னு போட்டிருக்கு. வாடகையை விட நாலு மடங்கு டெபாசிட்டா?

அந்தத் தொகை ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா பாடி, 24-70 லென்ஸ், 70-200 லென்ஸ் மூன்றும் சேர்ந்த கல்யாண செட்டுக்கு. தனியாக ஒரு லென்ஸ் மட்டும் எடுத்தால் டெபாசிட் 5,000. டிரைபாட், லைட், மைக் போன்றவற்றுக்கு 2,000.

செட்டின் விலை சில லட்சம். அதோடு பார்த்தால் 15,000 ஒன்றுமே இல்லை. கேமரா தொலைந்தால் ஈடு கட்டுவதற்காக அதை வாங்கவில்லை. அதற்கு அடையாளச் சான்றும் நீங்கள் கையெழுத்துப் போடும் தாளும் இருக்கின்றன. உடைந்த ஃபில்டர், தொலைந்த லென்ஸ் மூடி, தாமதமான நாளுக்கான வாடகை என்று வாராவாரம் வரும் சின்னக் கணக்குகளை அப்போதைக்கப்போது தீர்க்கத்தான் டெபாசிட். அதனால்தான் வாடகையை முதலிலேயே தனியாக வாங்கிவிடுகிறோம், டெபாசிட்டிலிருந்து கழிப்பதில்லை.

பணத்தை ஜிபே செய்தால், கேமராவுக்குக் கையெழுத்துப் போடுபவரின் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். வந்த கணக்குக்குத்தான் திருப்பி அனுப்புவோம். மச்சான் கணக்கிலிருந்து வந்த பணத்தை மாப்பிள்ளை கேட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் நின்ற கதை உண்டு.

ஒரிஜினல் ஆதாரை வாங்கி வச்சுக்குவீங்களா?

வாங்க மாட்டோம், நீங்களும் எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். ஆதார் இணையதளத்தில் முதல் எட்டு எண்களை மறைத்த பிரதியை டவுன்லோட் செய்துகொள்ளலாம், அது போதும். கூடவே ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை ஆகியவற்றில் ஒன்றைக் காட்டினால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம். நம் மாவட்ட முகவரி இல்லாதவர்கள், இங்கே உள்ள ஒருவரைக் கூட்டிவந்து அவரையும் கையெழுத்துப் போட வைக்க வேண்டும். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வந்த இடத்தில் ஆள் கிடைக்காது என்றால், தங்கியிருக்கும் விடுதியின் ரசீதோடு வாருங்கள், பேசிக்கொள்ளலாம். அப்போது டெபாசிட் கூடும்.

ஒரு நாள்னா எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்?

காலை 6 மணிக்கு நாள் தொடங்கி, மறுநாள் காலை 10 மணிக்கு முடிகிறது. ஆனால் கடை காலை 9 முதல் இரவு 9 வரைதான் திறந்திருக்கும். அதனால் முந்தின நாள் மாலை 6 மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இரவுக்கு வாடகை கிடையாது. வெள்ளி மாலை எடுத்து, சனிக்கிழமை கல்யாணத்தை முடித்து, ஞாயிறு காலை 10 மணிக்குள் கொடுத்தால் ஒரே நாள் கணக்குதான்.

6 மணி என்று சொன்னால் 6 மணி. 4 மணிக்கே வந்து நின்றால் அந்தக் கேமரா பெரும்பாலும் இன்னும் கடைக்கு வந்திருக்காது, அல்லது முந்தினவர் கொடுத்ததை நாங்கள் துடைத்துச் சோதித்துக்கொண்டிருப்போம்.

சூரிய உதயம் எடுக்கணும், காலையில 4 மணிக்குக் கடை திறப்பியளா?

இல்லை. முந்தின நாள் மாலையே எடுத்துவிடுங்கள்.

பத்து மணிக்குக் கொடுக்கணும்னு சொன்னீங்க, ரோட்டுல மாட்டிக்கிட்டா?

களியக்காவிளையிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வருகிறவர்களுக்கு அந்த ரோடு எப்படி என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதனால் 12 மணி வரை கேள்வி இல்லை. 12 தாண்டினால் அரை நாள் வாடகை, மாலை 4 தாண்டினால் முழு நாள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அன்றைக்கு மாலையே அடுத்த ஆளுக்கு அந்தச் செட் புக் ஆகியிருந்தால், எடுக்கும்போதே தாளில் எழுதிச் சொல்லிவிடுவோம். அப்படி எழுதியிருந்தால் சலுகை நேரம் கிடையாது. முகூர்த்த நாள்கள் அடுத்தடுத்து வரும் ஆவணி, தை மாதங்களிலும், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நடக்கும் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்திலும் பெரும்பாலும் இந்த நிலைதான். அந்த நேரத்தில் தாமதமானால் இன்னொருவர் வீட்டுக் கல்யாணம் கேமரா இல்லாமல் நிற்கும். தாமதம் ஆகும் என்று தெரிந்தவுடன் கூப்பிட்டுச் சொன்னால் நாங்கள் வேறு செட்டைத் தேடுவோம். போனை எடுக்காமல் இருப்பதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

கேமராவை வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்? எனக்கு அவ்வளவாத் தெரியாது.

தெரியாதவர்கள்தான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் போதும். பாடியின் சீரியல் எண், லென்ஸின் சீரியல் எண், ஏற்கெனவே இருக்கிற கீறல்கள் எல்லாம் தெரிகிற மாதிரி உங்கள் போனிலேயே வீடியோ எடுங்கள். நாங்களும் எடுப்போம். லென்ஸின் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஜூம் வளையத்தை மெதுவாக முழுவதும் திருப்பி, கையில் ஏதாவது தட்டுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இரண்டு படம் எடுக்க வேண்டும். ஒன்று, வெள்ளைச் சுவரை, அபெர்ச்சர் 16-ல் வைத்து, ஃபோகஸ் இல்லாமல். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் புள்ளியாகத் தெரியும். இன்னொன்று, லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு ஒரு கறுப்புப் படம். அதில் கோடோ வெளிச்சப் புள்ளியோ இருக்கக் கூடாது. இதே இரண்டு படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதும் எடுப்போம். முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சேதம் யாருடையது என்ற பேச்சே எழாது. அவசரத்தில் இதைச் செய்யாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பழைய சேதத்தை உங்கள் தலையில் கட்டினார்கள் என்று பிறகு உங்களுக்கே சந்தேகம் வரும்.

முட்டத்துல பாறை மேல நின்னு எடுத்தோம், அலை தெறிச்சிட்டு. துடைச்சாச்சு, நல்லாத்தான் இருக்கு. இதுக்கும் பணம் புடிப்பீங்களா?

துடைத்ததில்தான் பயம். கடல் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் கண்ணாடி மேல் உப்புப் படிகம் நிற்கும். அதை உலர்ந்த துணியாலோ சட்டை நுனியாலோ தேய்த்தால் லென்ஸ் மேல் பூச்சு கீறிவிடும். தெறித்ததற்குப் பணம் இல்லை. தேய்த்துக் கீறியிருந்தால் உண்டு.

சாரல் பட்டால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கேமராவை ஆஃப் செய்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் பாடியை மட்டும் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியைப் பையிலேயே வைத்து அனுப்புகிறோம். லென்ஸ் கண்ணாடியைத் தொட வேண்டாம், அப்படியே கொண்டுவந்து கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முன்னால் ஃபில்டர் போட்டுத்தான் லென்ஸ் தருகிறோம், அதைக் கழற்றாதவரை உப்பு ஃபில்டர் மேல்தான் படும். படம் துல்லியமாக வரும் என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டுப் பாறை மேல் ஏறுபவர்களும் இருக்கிறார்கள்.

சாரல் அளவில் நிற்காமல் கேமரா தண்ணீரில் விழுந்தோ முழுவதும் நனைந்தோ போனால் கதை வேறு. ‘வேலை செய்யுதான்னு பாப்போம்’ என்று ஆன் செய்யவே கூடாது. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே இருக்கும்போது மின்சாரம் ஓடினால் சர்க்யூட்டில் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். அரிசிப் பானைக்குள் வைத்தாலும் உப்பு வெளியே வராது, அரிசித் தூள்தான் உள்ளே போகும். அன்றைக்கு மாலைக்குள் எங்கள் கைக்கு வந்தால் சர்வீஸில் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. பயந்து மூன்று நாள் மறைத்து வைத்திருந்தால் பாடியையே மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவு உங்களுடையது.

திற்பரப்புக்குப் போகிறவர்கள், நல்ல தண்ணீர்தானே என்று அருவிக்குக் கீழே நின்று எடுக்காதீர்கள். ‘வெதர் சீல்டு’ என்றால் தூறலைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், குளிக்கலாம் என்று இல்லை.

ஏசி காரிலிருந்து இறங்கினதும் லென்ஸ் பூரா ஆவி. கேமரா ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. குளிர்ந்த கண்ணாடி மேல் கடற்கரையின் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். துடைக்கத் தேவையில்லை, தானே போய்விடும்.

கடற்கரையில லென்ஸ் மாத்தக் கூடாதுன்னு தாள்ல எழுதியிருக்கே, கொஞ்சம் ஓவரா இல்லையா?

நம்ம ஊர் மணலைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் மணலிலிருந்து இல்மனைட், மோனசைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் பிரித்து எடுக்கிறார்கள். அந்தக் கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற பொருள். சிர்க்கான் அதைப் போலவே கடினமானது. லென்ஸ் கண்ணாடி இவை இரண்டையும் விட மென்மை. சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ மாலைக் காற்று அடிக்கும்போது லென்ஸைக் கழற்றினால், இந்தப் பொடி நேராகச் சென்சார் மேல் போய் உட்காரும்.

மணல் புகுந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று சத்தம் வரும், சில இடத்தில் இறுக்கமாக நிற்கும். டிரைபாட் காலிலும் அதே சத்தம்தான். டிரைபாட்டைக் கழுவிக் கொடுத்துவிடலாம், அதற்கு 200 ரூபாய் மட்டும் வாங்குகிறோம். லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்ய வெளியே அனுப்ப வேண்டும், அது பெரிய செலவு. கடற்கரையில் இரண்டு லென்ஸும் வேண்டும் என்றால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் இரண்டாவது பாடியைப் பாதி வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கடற்கரை ஷூட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை தருகிறோம்.

ரிசப்ஷன்ல டிஜே வச்சிருக்காங்க, லேசர் லைட் உண்டு. அதனால கேமராவுக்கு என்ன ஆகும்?

சென்சார் போய்விடும். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மேடையில் சுழலும் லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் வந்தால், லென்ஸ் அதைச் சென்சாரில் ஒரு புள்ளியில் குவிக்கும். கண் இமைக்கும் நேரம் போதும். அந்த இடத்தில் இருக்கும் பிக்சல்கள் எரிந்துவிடும், சில சமயம் அந்த வரிசை முழுவதும் செத்துப்போகும். எடுக்கிற நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட நிமிடத்துக்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு கோடு ஓடும். இதைத் துடைக்கவோ பழுது பார்க்கவோ வழியில்லை, சென்சாரையே மாற்ற வேண்டும். பாடி விலையில் பெரும்பகுதி அதற்கே போகும். கேமரா கம்பெனிகளே கையேட்டில் லேசருக்கு நேராகக் காட்டாதே என்று எழுதியிருப்பதால் வாரண்டியிலும் வராது.

கல்யாணம் என்றில்லை, திருவிழாக் கலைநிகழ்ச்சி, கோவில் கொடை எல்லாவற்றிலும் இப்போது லேசர் வந்துவிட்டது. புகை போட்டுக் கதிர் தெரிகிற மாதிரி வைத்தால் படம் அழகாகத்தான் வரும், அதற்காகவே ஆட்கள் நேராகப் பிடிக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று எடுங்கள். கதிர் கூட்டத்தை நோக்கிச் சுழலும்போது லென்ஸைக் கீழே இறக்குங்கள், அல்லது மூடியைப் போடுங்கள். கேமராவை ஆஃப் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மிரர்லெஸ் பாடி பலவற்றில் ஆஃப் செய்தாலும் சென்சாருக்கு முன்னால் ஷட்டர் மூடுவதில்லை. முடிந்தால் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே லைட்காரரிடம் போய், எந்தப் பக்கம் கதிர் வரும் என்று கேட்டுவிடுங்கள். அவர்களுக்கும் இது தெரியும், பெரும்பாலும் கதிரை மேலே தூக்கி வைத்துத் தருவார்கள்.

லேசர் உள்ள நிகழ்ச்சி என்று முன்கூட்டியே சொன்னால், பழைய பாடி ஒன்று வைத்திருக்கிறோம், அதைத் தருவோம். சொல்லாமல் எடுத்துச் சென்று சென்சார் போனால், முழுச் செலவும் எடுத்தவருடையது. இதில் பேரம் இல்லை.

சரி, சூரியன்? கன்னியாகுமரிக்கு வந்துட்டு சூரியனை எடுக்காம எப்படி?

தாராளமாக எடுங்கள். கடல் விளிம்பில் சிவப்பாக எழும்போது சூரியனின் சூடு குறைவு, வைட் லென்ஸில் எடுத்தால் ஒன்றும் ஆகாது. ஆபத்து வருவது 70-200 போட்டு, டிரைபாடில் நிறுத்தி, சூரியன் மேலே ஏறி வெளுத்த பிறகும் அப்படியே விட்டுவிடும்போது. வெயிலில் பூதக்கண்ணாடியைக் காகிதத்தின் மேல் பிடித்த மாதிரிதான். ஷட்டர் இலையோ, லென்ஸுக்குள் அபெர்ச்சர் இலையோ வளைந்துபோகும். டைம்லாப்ஸ் போட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போகிறவர்களால்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூசுகிறது என்றால் டெலி லென்ஸை இறக்கிவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் நடுவில் கேமராவை வேறு பக்கம் திருப்பி வையுங்கள். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறும். நிலாவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் டெலியில் பிடிக்கலாம், அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

மண்டபத்துல எடுத்த வீடியோவுல கோடு கோடா ஓடுது. கேமரா கெட்டுப்போனதைத் தந்துட்டு டெபாசிட்டையும் புடிப்பீங்களோ?

கோபப்படுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம் எடுங்கள். கோடு அதே இடத்தில் இருந்தால் சென்சார் சேதம். கோடு இல்லை என்றால் அது மண்டபத்து எல்இடி விளக்கின் வேலை.

எல்இடி விளக்கும் மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரையும் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணையும். ஷட்டர் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் இருண்ட பட்டைகள் மேலும் கீழும் நகரும். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீடியோவுக்கு 1/50 அல்லது 1/100 வைத்துப் பாருங்கள், விளக்கால் வரும் பட்டை பெரும்பாலும் போய்விடும். திரையால் வருவதற்கு ஒவ்வொரு மண்டபத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித்தான் பார்க்க வேண்டும். போட்டோவில் சைலண்ட் ஷட்டரை நிறுத்திவிட்டு மெக்கானிகல் ஷட்டருக்கு மாற்றுங்கள்.

மூடி போட்ட படத்திலும் கோடு இருந்து, கடையில் எடுத்த முதல் கறுப்புப் படத்திலும் அது இருந்தால் தப்பு எங்களுடையது. வாடகை, டெபாசிட் இரண்டும் முழுவதுமாகத் திரும்ப வரும்.

டெபாசிட்டில எப்படிக் கழிப்பீங்க? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

மார்த்தாண்டத்தில் சனிக்கிழமை கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை 6:30-க்குக் கல்யாண செட் எடுக்கிறீர்கள். பாடி 1,500, 24-70 லென்ஸ் 1,000, 70-200 லென்ஸ் 1,200 என்று வாடகை 3,700. டெபாசிட் 15,000. மொத்தம் 18,700 கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.

ஞாயிறு காலை 10 மணிக்கு வர வேண்டியது, மதியம் 1:30-க்கு வருகிறீர்கள். 12 தாண்டியதால் அரை நாள் வாடகை 1,850. சோதித்துப் பார்த்தால், கூட்டத்தில் யாரோ இடித்து 70-200 லென்ஸின் ஹூட் விரிசல் விட்டு உடைந்திருக்கிறது, முன் ஃபில்டர் உடைந்திருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு லென்ஸ் கண்ணாடியைப் பார்க்கிறோம், கீறல் இல்லை. ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று நாலைந்து படம் எடுத்துப் பார்க்கிறோம், சரியாக இருக்கிறது. அதனால் லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. ஃபில்டர் 2,200, ஹூட் 3,000. பாடியின் பிடியில் ஒரு சின்னத் தேய்மானம் தெரிகிறது, அது பயன்படுத்தினால் வருவது, கழிக்க மாட்டோம்.

ஆக 1,850, 2,200, 3,000 மூன்றும் சேர்ந்து 7,050. மீதி 7,950 அன்றைக்கே உங்கள் கணக்குக்கு வரும். உடைந்த ஹூடையும் ஃபில்டரையும் வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம், பணம் கொடுத்தது நீங்கள்தானே. அதே ஃபில்டரை நீங்களே வெளியில் வாங்கிக் கொடுத்தாலும் சரிதான், அதே பிராண்ட், அதே அளவாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கீழே போட்டுட்டேன், ஆன் ஆகலை. அப்போ?

முதலில், நீங்களாக எங்கும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். தெரிந்த மொபைல் கடைக்காரர் திறந்து பார்த்தார் என்று வந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர் அதைத் தொடவே யோசிக்கும்.

நாங்கள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, அவர்கள் தரும் மதிப்பீட்டை அப்படியே உங்களுக்கு அனுப்புவோம். பில்லில் உள்ள தொகைதான் உங்கள் பொறுப்பு, அதன் மேல் நாங்கள் எதுவும் சேர்ப்பதில்லை. அதுவரை டெபாசிட் எங்களிடம் இருக்கும். கேமரா சர்வீஸில் இருக்கும் நாள்களுக்கு வாடகை இழப்பு என்று அதிகபட்சம் மூன்று நாள் வாடகை வாங்குகிறோம். உதிரிப் பாகம் வரப் பல வாரம் ஆனாலும் அதற்கு மேல் கேட்பதில்லை, அது உங்கள் கையில் இல்லாத விஷயம்.

சரி செய்யவே முடியாது என்றால் புதிய விலையைக் கேட்க மாட்டோம். அதே மாடல், அதே அளவு ஓடிய பாடி பழைய கேமரா சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ அதைத்தான் கேட்போம். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.

பஸ்ஸில பையோட போயிடுச்சுன்னா?

உடனே எங்களுக்குச் சொல்லுங்கள், உடனே காவல் நிலையத்துக்கும் போங்கள். சீரியல் எண்கள் உங்கள் போன் வீடியோவிலேயே இருக்கும், அதைப் புகாரில் எழுதுங்கள். புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி ஒரு நகலை எங்களுக்கு அனுப்புங்கள். யாராவது அதை விற்கக் கொண்டுவந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் பிடிக்க முடியும். பணக் கணக்கு மேலே சொன்ன பழைய சந்தை விலைதான். தவணையாகக் கொடுக்கலாம், எழுதிக்கொள்வோம்.

கார்டில இருந்த படத்தை காப்பி பண்ணாமலேயே கொடுத்துட்டேன். போச்சா?

இரண்டு நாள் வரை நாங்கள் கார்டை ஃபார்மட் செய்வதில்லை. அதற்குள் கூப்பிடுங்கள். அதற்கு மேல் ஆகி ஃபார்மட் செய்திருந்தாலும், அந்தக் கார்டில் புதிதாக எதுவும் எடுக்கவில்லை என்றால் மீட்டெடுக்கும் மென்பொருள் வழியாகப் பெரும்பாலானதை எடுக்கலாம். அடுத்தவர் ஷூட் செய்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணம் எடுக்கிறவர்கள் சொந்தக் கார்டு கொண்டுவருவதே நல்லது.

மழைன்னா புக்கிங்கை கேன்சல் பண்ணலாமா?

நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அதனால் வெளிப்புற ஷூட்டுக்கு மட்டும் ஒரு முறை தேதி மாற்றித் தருவோம், அதற்காகப் பணம் எதுவும் பிடிக்க மாட்டோம். முந்தின நாள் மாலை 6 மணிக்குள் சொல்ல வேண்டும். கேமராவை எடுத்துப்போன பிறகு மழை வந்தால் வாடகை வாடகைதான். மண்டபத்துக் கல்யாணத்துக்கு மழைக் காரணம் செல்லாது.

நான் வெளியூர் போறேன், தம்பிகிட்ட கொடுத்துவிட்டா வாங்கிக்குவீங்களா? இல்லை பஸ்ல பார்சல் போட்டுரட்டுமா?

பஸ் பார்சல் வேண்டாம். தம்பி வரலாம், ஆனால் முன்பே அவர் பெயரையும் எண்ணையும் உங்கள் போனிலிருந்து எங்களுக்கு மெசேஜ் அனுப்புங்கள். சோதனை முடியும் வரை அவர் நிற்க வேண்டும், ஏதாவது சேதம் இருந்தால் வீடியோ காலில் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். டெபாசிட் அவர் கையில் வராது, நீங்கள் அனுப்பிய கணக்குக்குத்தான் வரும். கடை மூடிய பிறகு ஷட்டருக்கு முன்னால் பையை வைத்துவிட்டுப் போட்டோ அனுப்பாதீர்கள், அது திருப்பிக் கொடுத்ததாக ஆகாது.